மா, பா, நெ: சீனப் பேச்சின் கடைசி அசை தமிழில் எங்கே போகிறது?

சீனத் தொடர்களைத் தமிழ்க் குரலிலோ தமிழ் எழுத்திலோ பார்ப்பவர்களுக்கு ஒரு நெருடல் அடிக்கடி ஏற்படுகிறது. நடிகையின் முகம் கெஞ்சுகிறது, வசனம் கட்டளையிடுகிறது. நடிகர் மனமில்லாமல் தலையாட்டுகிறார், வசனத்தில் ‘சரி!’ என்று துள்ளல். கதையும் சொற்களும் சரியாகவே மொழிபெயர்க்கப்பட்டிருக்கும். விடுபட்டது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும் ஒரே ஒரு குட்டி அசை. மாண்டரின் பேச்சில் இப்படி வரும் அசைகள் பல இருந்தாலும் மா, பா, நெ என்ற 3 மட்டும் புரிந்தாலே பெரும்பகுதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

## இந்த அசைகள் என்ன செய்கின்றன

சீன இலக்கணக்காரர்கள் இவற்றை ‘யூச்சித்ஸ’ என்கிறார்கள். தொனிச் சொல் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். தனியாக நின்றால் இவற்றுக்குப் பொருள் கிடையாது. மாண்டரின் அசைகளுக்கு உரிய 4 குரல் ஏற்ற இறக்கங்களில் எதையும் ஏற்காமல், முந்தைய சொல்லைத் தொட்டுக்கொண்டு குறுகி ஒலிக்கும். ‘பா’ என்று எழுதுவதைத் தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் வல்லின ‘ப’ போலவே சொன்னால் சீனர் காதுக்குச் சரியாக இருக்கும். ‘நெ’ என்பதில் உள்ள உயிர் எகரமும் அல்ல, அகரமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் வரும் மங்கலான ஒலி.

வாக்கியம் என்ன சொல்கிறது என்பதை இவை மாற்றுவதில்லை. சொல்பவரும் கேட்பவரும் அந்தச் செய்தியின் முன் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன. அதாவது, யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, முடிவு யார் கையில், எதிராளி எதைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

1. மா: எனக்குத் தெரியாது, நீ சொல்.
2. பா: நான் முக்கால்வாசி வந்துவிட்டேன், மிச்சத்தை நீ முடி.
3. நெ: நீ இதைக் கணக்கில் எடுக்கவில்லை, அல்லது, இது இன்னும் முடியாமல் நிற்கிறது.

தமிழுக்கு இது புதிய விஷயமே அல்ல. தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்கு 5 வேலையும் ஓகாரத்துக்கு 6 வேலையும் சொல்கிறது. ‘வந்தானா’, ‘வந்தானே’, ‘வந்தானோ’ என்று கடைசி உயிரை மாற்றி நாம் தினமும் இதையே செய்கிறோம். ஆங்கிலத்தில் இப்படி ஒட்டும் உறுப்புகள் அநேகமாக இல்லை. குரல் ஏற்றத்தாலும் துணைவினையாலும் சமாளிக்கிறார்கள். ஆகவே சீன வசனத்தை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, இரு முனைகளிலும் இருக்கும் வசதி நடுவில் அறுந்துபோகிறது. ஆனால் அசைக்கு அசை பொருத்திவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். சீனத்தில் கடைசி அசை செய்வதைத் தமிழில் சில இடங்களில் வினைமுற்று செய்யும், சில இடங்களில் வேற்றுமை உருபு செய்யும்.

## மா: எளிதாகத் தெரியும், இடறவும் செய்யும்

‘தா லாய்’ என்றால் ‘அவர் வருகிறார்’. ‘தா லாய் மா?’ என்றால் ‘அவர் வர்றாரா?’. சொல்வரிசை மாறவில்லை, வினை மாறவில்லை. ஆகார வினாவை வைத்திருக்கும் தமிழருக்கு இது வீட்டுப் பாடம் போல. பதில் சொல்வதும் நம் வழக்கம்தான்: ‘லாய்’ (வர்றார்) அல்லது ‘பூ லாய்’ (வரலை). கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். ஆங்கிலத்தை நடுவில் வைத்து வந்த வசனங்களில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று விறைப்பாக நிற்கும் பதில்களின் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு ‘லாய்’ இருக்கும்.

இந்த ஒற்றுமை முடியும் இடங்கள் 4.

1. இடம். தமிழ் ஆகாரம் எந்தச் சொல்லிலும் ஏறும்: ‘நீயா வர்ற?’, ‘நாளைக்கா வர்ற?’. ‘மா’ வாக்கிய ஈற்றை விட்டு நகராது. எதைக் கேட்கிறோம் என்று அழுத்த, அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘ஷி’ போடுவார்கள்: ‘ஷி நீ லாய் மா?’ இதை ‘நீ வர்றியா?’ என்று எழுதினால் கேள்வியே மாறிவிடும். ‘நீயா வர்ற?’ என்பதே சரி.

2. உள்வாக்கியம். ‘அவர் வருவாரா தெரியலை’ என்பது தமிழில் இயல்பு. சீனத்தில் ‘மா’ இப்படி உள்ளே போகாது. அங்கே ‘லாய் பூ லாய்’, அதாவது ‘வா–இல்லை–வா’ என்ற வடிவம் வரும். சீனம் கற்கும் தமிழர் செய்யும் தவறுகளில் இது முன்வரிசையில் வரக்கூடியது.

3. வினைச்சொல்லை இரட்டிக்கும் கேள்வி. ‘நீ லாய் பூ லாய்?’ என்பதை உறுப்புக்கு உறுப்பு வைத்தால் ‘நீ வர்றியா இல்லையா?’ என்று வரும். சாதாரணக் குரலில் சொன்னால் சீனத்தில் இது எந்தப் பக்கமும் சாயாத கேள்வி. தமிழில் அதுவே பொறுமை இழந்த அதட்டல். மூலத்தில் குரல் உயராதபோது ‘வர்றியா?’ போதும்.

4. வினாச்சொல்லோடு சேர்ந்தால். ‘யார்’, ‘என்ன’ வரும் கேள்விக்கு ‘மா’ வேண்டியதில்லை. ஆனாலும் வந்தால் வினாச்சொல் தன் வேலையை இழந்து ‘யாராவது’, ‘ஏதாவது’ ஆகிவிடும். ‘நீ என்ன சாப்பிட விரும்பு’ என்பது ‘என்ன சாப்பிடற?’; அதன் கடைசியில் ‘மா’ சேர்ந்தால் ‘ஏதாவது சாப்பிடறியா?’. முதலாவது, சாப்பிடப் போவதை உறுதி என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. விருந்தோம்பல் காட்சியில் இந்த வேறுபாடு தலைகீழானால் விருந்தாளி அவமானப்பட்டது போலத் தெரியும்.

இன்னொரு ‘மா’வும் உண்டு. ஒலி ஒன்றே, எழுத்து வேறு. ‘இது தெரிந்த விஷயம்தானே’ என்ற தொனி அதற்கு. ‘அவன் குழந்தை–மா’ என்றால் கேள்வி இல்லை. ‘சின்னப் பிள்ளைதானே அவன்’ என்று பரிந்து பேசுவது. ‘கோபப்படாதே–மா’ என்றால் கொஞ்சல்: ‘கோவப்படாதேயேன்’. காதால் கேட்டு மொழிபெயர்ப்பவருக்கு இரண்டும் குழம்பும். எழுத்தைப் பார்த்தால் தெளியும் என்றும் நம்ப முடியாது. இணையத்தில் சீனர்களே ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிவிடுகிறார்கள். இறங்கும் குரலில், பதிலை எதிர்பார்க்காமல் பேச்சு தொடர்ந்தால் இந்த இரண்டாவது ‘மா’ என்று கொள்ளலாம்.

## பா: ஒரே அசை, 3 வேலை

அதிகம் சேதமாவது இதுதான். ‘நீ லாய் பா’ என்ற மூன்றே அசைகளை எடுத்துக்கொள்வோம். இது ‘நீ வாயேன்’ ஆகலாம். ‘நீ வருவேல்ல?’ ஆகலாம். ஒருவர் கையில் இருக்கும் கரண்டியையோ கணினியையோ இன்னொருவரிடம் தள்ளிவிட்டுச் சொன்னால் ‘நீயே பண்ணு’ ஆகலாம். ‘லாய்’ என்பதற்கு ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற தோரணையும் உண்டு. எது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை:

1. எழுவாய் ‘நாம்’ என்றால் யோசனை சொல்கிறார்: ‘போலாம்’, ‘போலாமா’, ‘போலாமே’.
2. எழுவாய் படர்க்கை என்றால் ஊகம்: ‘வருவார்னு நினைக்கிறேன்’, ‘வந்திருப்பார்’.
3. எழுவாய் முன்னிலை என்றால் வினையைப் பாருங்கள். கேட்பவர் நினைத்தால் செய்யக்கூடிய செயல் என்றால் அநேகமாக மென்மையான ஏவல். நிலைமையைச் சொல்லும் சொல் (களைப்பு, பசி, ஆசிரியர்), முடிந்துபோன செயல், அல்லது ‘தாகாய்’, ‘யிங்காய்’, ‘ஹுவெய்’ போன்ற ஊகச் சொற்கள் முன்னால் இருந்தால் உறுதி கேட்கும் கேள்வி.
4. அதற்கும் அகப்படவில்லை என்றால் அடுத்தவரின் பதிலைப் பாருங்கள். அவர் எழுந்து நடந்தால் ஏவல். ‘ஆமா’ என்றால் ஊகம்.

அச்சிட்ட உரையாடலில் கேள்விக்குறியா முற்றுப்புள்ளியா என்பது உதவும். சீனத் திரையெழுத்துகளில் நிறுத்தக்குறிகள் பல நேரம் விடப்படுவதால், எழுத்துப் பிரதியை மட்டும் வைத்து வேலை செய்பவருக்கு அந்த உதவி எப்போதும் கிடைக்காது. காட்சியைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏவல் ‘பா’. ‘உட்கார்–பா’ என்பதற்குத் தமிழில் ஒரே விடை கிடையாது. நண்பனிடம் ‘உக்காரேன்’, வீட்டுக்கு வந்த பெரியவரிடம் ‘உக்காருங்களேன்’, காத்திருந்த ஊழியரிடம் மேலாளர் ‘ம், உக்காருங்க’. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, சொல்பவர் கட்டளையின் முழு எடையையும் வைக்கவில்லை என்பதே. இந்த இடத்தில் ‘தயவுசெய்து’ போடுவது தவறு. அதற்குச் சீனத்தில் ‘ச்சிங்’ என்ற தனிச்சொல் உண்டு. அது மரியாதையைக் கூட்டும். ‘பா’ இறுக்கத்தைத் தளர்த்தும். இரண்டும் வேறு வேறு. அதேபோல் ‘பா’ வந்தது என்பதற்காக ‘நீ’யை ‘நீங்க’ ஆக்கவும் வேண்டாம். மரியாதையை ‘நீ’, ‘நின்’ என்ற சீன முன்னிலைப் பெயர்களிலும், உறவிலும், வயதிலும் தேட வேண்டும்.

‘சொல்–பா’ என்பதில் கேட்பவருக்கு அனுமதி தரும் தொனி: ‘ம், சொல்லு’. சண்டை முடிந்த பிறகு வரும் ‘நீ போ–பா’வில் இனிப்பு எதுவும் இல்லை, பிடித்து வைப்பதை விட்டுவிட்டேன் என்ற களைப்புதான் இருக்கிறது. அங்கே ‘போயேன்’ என்று கெஞ்ச விட்டால் காட்சி கெட்டது. ‘நீ போயிடு’ அல்லது ‘சரி, கிளம்பு’ என்பது நெருங்கி வரும்.

ஊக ‘பா’. இங்கே தமிழ் சீனத்தைவிடக் கறாரானது. ‘அவர் வந்துவிட்டார்–பா’ என்ற வரிக்கு நம்மிடம் குறைந்தது 3 வடிவங்கள் இருக்கின்றன. கேட்பவருக்கு விடை தெரியும் என்றால் ‘வந்துட்டார்ல்ல?’. இருவருக்கும் தெரியாது, சொல்பவர் கணக்குப் போடுகிறார் என்றால் ‘வந்திருப்பார்’. வாசலில் செருப்பையோ எரியும் விளக்கையோ பார்த்துச் சொல்கிறார் என்றால் ‘வந்துட்டார் போல’. ஊகத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது என்று ‘பா’ சொல்வதில்லை. ‘போல’ சொல்லிவிடுகிறது. ஆகவே திரையில் எந்தத் தடயமும் காட்டாத இடத்தில் ‘போல’ எழுதினால், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று பார்வையாளர் தேட ஆரம்பிப்பார்.

‘தானே’யிடம் எச்சரிக்கை வேண்டும். அகராதிகள் ஊக ‘பா’வுக்கு நேராக அதை வைக்கத் தூண்டும், ‘நீங்க டாக்டர்தானே?’ போன்ற இடங்களில் பொருந்தவும் செய்யும். கடந்தகாலத்தில் சேர்ந்தால் ‘தானே’ குற்றஞ்சாட்டும் கருவி. ‘நேற்று சொன்னாய்–பா’ என்பது ‘நேத்து சொன்னேல்ல?’ என்று சரிபார்ப்பது. ‘நேத்து நீதானே சொன்ன!’ என்ற மடக்கலுக்குச் சீனத்தில் வேறு அமைப்பு இருக்கிறது: நடுவில் ‘பூ ஷி’, கடைசியில் ‘மா’. இந்த இரண்டையும் மாற்றிவிட்டால் சமாதானமாகப் பேசும் கணவன் வழக்கறிஞர் ஆகிவிடுவான்.

சம்மத ‘பா’. ‘ஹாவ்’ என்றால் நல்லது, சரி. அதன் பின்னால் என்ன வருகிறது என்பதே பதிலின் நிறம். ‘ஹாவ் ஆ’ என்றால் ‘ஓ, தாராளமா!’. ‘ஹாவ் த’ என்றால் ‘சரிங்க’. அலுவலகச் செய்திகளில் சாதாரணமாக வருவது. ‘ஹாவ் பா’ என்றால் ‘ம்… சரி’, ‘சரி, என்ன பண்றது’. மூன்றையும் ‘சரி’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது நான் பார்த்த தமிழ் வசனங்களில் மிக அடிக்கடி நிகழும் பிழை. கதாநாயகி ‘ஹாவ் பா’ என்று திருமணத்துக்கு இசைவதும் ‘ஹாவ் ஆ’ என்று இசைவதும் இரண்டு வேறு கதைகள்.

## நெ: தொங்கி நிற்கும் பேச்சு

‘நெ’ ஒரே சொல்லா, ஒரே ஒலியில் வரும் பல சொற்களா என்று சீன இலக்கண ஆய்வாளர்களிடையே வழக்கு உண்டு. 1981-இல் வெளியான தம் மாண்டரின் இலக்கணத்தில் மொழியியலாளர்கள் லீ, தாம்ப்சன் இருவரும், கேள்வி அல்லாத வாக்கியத்தில் ‘நெ’ கேட்பவரின் எதிர்பார்ப்புக்குப் பதிலாக வருகிறது என்றார்கள். மொழிபெயர்ப்பவருக்கு இது நல்ல கைப்பிடி.

எதிர்பார்ப்பைத் திருத்தும் ‘நெ’. ஒருவர் ‘கிளம்பலாம், நேரமாச்சு’ என்கிறார். பதில்: ‘ஹாய் ட்ஸாவ் நெ’. அதாவது ‘இன்னும் நேரமிருக்கே’. ‘பக்கத்துல தானே?’ என்பவருக்கு ‘3 மணி நேரம்–நெ’: ‘மூணு மணி நேரம் ஆகுமே!’. இந்த இடத்தில் தமிழ் ஏகாரம் அப்படியே உட்காரும். ‘அவன் தூங்கு–நெ’ என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘என்ன பண்றான்?’ என்ற கேள்விக்கு விடை என்றால் ‘தூங்கிட்டிருக்கான்’. ‘அவனைக் கூப்பிடு’ என்றதற்கு விடை என்றால் ‘தூங்குறானே’. சீன வரி ஒன்றே. முந்தைய வரிதான் முடிவு செய்கிறது.

வியந்து கேட்கும் ‘நெ’. வினாச்சொல் உள்ள கேள்வியில் ‘நெ’ வேண்டியதே இல்லை. இல்லாமலும் கேள்வி முழுமையாக நிற்கும். வந்தால், கேட்பவரை நேராகக் குத்தாமல் தனக்குள்ளும் கேட்டுக்கொள்ளும் சாயல் வருகிறது. ‘ஷெய் லாய்?’ என்றால் ‘யாரு வர்றா?’. ‘ஷெய் லாய் நெ?’ என்றால் ‘யாரு வருவாங்க…’, தனியாக இருந்தால் ‘யாரு வருவாங்களோ’. ‘எங்க போயிட்டான்?’ என்ற விசாரணையும் ‘எங்க போனானோ’ என்ற கவலையும் வேறு. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வரும் ‘நெ’வுக்கு ஓகாரத்தைத் தயங்காமல் போடலாம். எதிரில் ஆள் இருந்து பதிலும் வேண்டுமென்றால் ஓகாரம் பொருந்தாது, ‘என்ன பண்றது?’, ‘எங்க போயிருப்பான்?’ போன்ற வினைவடிவங்கள் அந்த வேலையைச் செய்யும்.

அறுத்துக் கேட்கும் ‘நெ’. ‘நீ நெ?’ என்ற இரண்டசைக் கேள்வியில் ‘நீ’ என்பது தற்செயலாகத் தமிழ் ‘நீ’யோடு ஒத்துப்போகிறது, பொருளும் அதுவே. ஆனால் சீனப் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு கிடையாது. தமிழுக்கு உண்டு. எனவே ‘நீ நெ?’ என்பதைத் தனியே எடுத்து மொழிபெயர்க்கவே முடியாது. ‘நான் போறேன்’ என்பதன் பின்னால் வந்தால் ‘நீ?’. ‘எனக்கு டீ பிடிக்கும்’ என்பதன் பின்னால் ‘உனக்கு?’. ‘என்கிட்ட காசில்லை’ என்பதன் பின்னால் ‘உன்கிட்ட?’. வரிகளைத் துண்டு துண்டாக வாங்கி மொழிபெயர்க்கும் இடங்களில் ‘மற்றும் நீங்கள்?’ என்று ஒரு பொம்மைக் கேள்வி வருவது இதனால்தான்.

பேச்சின் தொடக்கத்திலேயே, முன்வரி எதுவும் இல்லாமல் வந்தால் அதே அமைப்பு ‘எங்கே’ என்று பொருள்படும். ‘சாவி–நெ?’ என்றால் ‘சாவி எங்க?’. வீட்டுக்குள் நுழைந்ததும் ‘அம்மா–நெ?’ என்றால் ‘அம்மா எங்க?’. வினையோடு வந்தால் நிபந்தனை: ‘தா பூ லாய் நெ?’ என்பது ‘அவர் வரலைன்னா?’. தமிழிலும் பின்பாதியைச் சொல்லாமல் நிறுத்துவதே அழகு. ‘அவர் வராவிட்டால் என்ன செய்வது?’ என்று முடித்துக் கட்டினால் அந்தத் தொங்கல் போய்விடும்.

## ஓர் உரையாடலைப் பிரித்துப் பார்த்தால்

அலுவலகத்தில் ஒத்த வயதுள்ள இரண்டு நண்பர்கள், மாலை நேரம். சீனச் சொற்களுக்குப் பதில் அவற்றின் பொருளையும் கடைசி அசையையும் அதே வரிசையில் தருகிறேன்.

1. அ: வேலை முடிந்தது, போ–பா.
2. ஆ: இன்னும் சீக்கிரம்–நெ.
3. அ: சீக்கிரம்? ஏற்கெனவே 7 மணி. நீ இல்லை பசி–மா?
4. ஆ: பசி என்றால் பசி. ஸியாவ் லீ–நெ?
5. அ: முன்பே போனான்–பா.
6. ஆ: அப்படியானால் நாம் என்ன சாப்பிடு–நெ?
7. அ: நூடுல்ஸ் கடை–பா.
8. ஆ: மறுபடி நூடுல்ஸ்… ஹாவ்–பா.

ஆங்கிலம் வழியாக வந்தால் கிடைக்கக்கூடிய தமிழ்: ‘வேலை முடிந்தது, போகலாம். / இது இன்னும் சீக்கிரம். / சீக்கிரமா? ஏற்கெனவே 7 மணி. உனக்குப் பசிக்கவில்லையா? / நான் பசியாக இருக்கிறேன். ஸியாவ் லீயைப் பற்றி என்ன? / அவன் ஏற்கெனவே போய்விட்டான். / அப்படியானால் நாம் என்ன சாப்பிட வேண்டும்? / நூடுல்ஸ் கடை. / மறுபடியும் நூடுல்ஸ். சரி.’ தகவல் எல்லாம் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் காணவில்லை.

அசைகளை எடை போட்டுத் திரும்ப எழுதினால்:

1. அ: வேலை முடிஞ்சிருச்சுல்ல, வா கிளம்பலாம்.
2. ஆ: இன்னும் நேரமிருக்கே.
3. அ: நேரமிருக்கா? மணி ஏழாச்சு! உனக்குப் பசிக்கலையா?
4. ஆ: பசிக்கத்தான் செய்யுது. ஸியாவ் லீ எங்க?
5. அ: அவன் அப்பவே போயிருப்பான்.
6. ஆ: சரி, அப்ப என்ன சாப்பிடறது?
7. அ: நூடுல்ஸ் கடைக்குப் போலாமே.
8. ஆ: மறுபடியும் நூடுல்ஸா… ம், போலாம்.

வரி 2-இல் ஏகாரம், ‘நேரமாச்சு’ என்ற அவன் நினைப்பைத் திருத்துகிறது. வரி 3-இன் முதல் கேள்வியில் ‘மா’ கிடையாது. குரல் ஏற்றம் மட்டுமே. சொன்னதையே திருப்பி ஆச்சரியப்படுவதால் தமிழில் ஆகாரம் சேர்த்தே ஆக வேண்டும். வரி 4-இல் ‘பசி என்றால் பசி’ என்பது ஒப்புக்கொண்டும் ஒப்புக்கொள்ளாத அமைப்பு. ‘பசிக்கத்தான் செய்யுது’ அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அதே வரியின் ‘நெ’ புதிய ஆளைப் பேச்சுக்குள் இழுக்கிறது, முன்னால் அவனைப் பற்றிய வினை இல்லை, எனவே ‘எங்க’. வரி 5 வழி தவறும் இடம்: ‘போயிட்டான்’ என்று எழுதினால் அவன் பார்த்துவிட்டுச் சொல்வதாகிறது. ‘பா’ இருப்பதால் அது வெறும் ஊகம். அடுத்த காட்சியில் ஸியாவ் லீ போகவே இல்லை என்று தெரியவந்தால், முதல் மொழிபெயர்ப்பில் அ பொய்யன், இரண்டாவதில் இல்லை. வரி 7-இன் ‘பா’ வினையே இல்லாத பெயரோடு ஒட்டியிருக்கிறது. தமிழில் ஒட்ட வினை வேண்டும் என்பதால் ‘போலாமே’ என்று ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

ஸியாவ் லீ ஆணா பெண்ணா என்ற சங்கடமும் இதில் ஒளிந்திருக்கிறது. ‘ஸியாவ்’ வயதில் இளையவர் என்று மட்டும் சொல்கிறது. ‘தா’ என்ற படர்க்கைச் சொல் எழுத்தில் பால் காட்டும், ஒலியில் காட்டாது. நண்பர்கள் ஒருமையில் பேசும்போது தமிழ் வினைமுற்றோ பாலைச் சொல்லாமல் விடாது. முந்தைய பகுதிகளைப் பார்க்காமல் ‘போயிருப்பான்’ என்று எழுதக் கூடாது.

## குரல் சேர்க்கும்போது

எழுத்து வசனத்தில் இடநெருக்கடி பெரிய தடையல்ல. ஏ, ஓ, ஆ, ல்ல எல்லாம் ஓர் எழுத்து, இரண்டு எழுத்தில் முடிபவை. சிக்கல் குரல் சேர்க்கையில் வருகிறது. மா, பா இரண்டும் இதழ் மூடித் திறக்கும் ஒலிகள். அண்மைக் காட்சியில் அந்த மூடல் கண்ணில் படும். ‘போலாமா’, ‘பசிக்குமா’, ‘வேணுமா’ என்று மகரம் கடைசியில் வரும் வடிவம் கிடைத்தால் நல்லது. ‘நெ’வில் உதடு மூடுவதில்லை, ‘இருக்கே’, ‘வரலைன்னா’ எதுவும் பொருந்தும்.

இந்த வசதிக்காக ‘பா’ வந்த இடமெல்லாம் ‘வாப்பா’, ‘உக்காருப்பா’ என்று போட்டுவிடும் ஆசை பிறக்கும். உதடு கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் தமிழ்ப் ‘பா’ எதிராளியை அழைக்கும் விளி. அதில் உரிமையும் நெருக்கமும் இருக்கிறது. சீனப் ‘பா’ யாரையும் அழைப்பதில்லை. மருமகள் மாமியாரிடமும், அமைச்சர் அரசரிடமும் அதைச் சொல்ல முடியும். ஒத்த நண்பர்கள், அல்லது மூத்தவர் இளையவரிடம் பேசும் இடங்களோடு ‘ப்பா’வை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் பேச்சில் புழங்கும் ‘லா’வையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அங்கே அது இயல்பு. ஹொக்கியன், கான்டனீஸ், மலாய் எல்லாம் கலந்த சூழலில் வேர்விட்ட அசை அது. ஆனால் பெய்ஜிங்கில் நடக்கும் கதையில் பாத்திரம் ‘போலாம்லா’ என்றால், அடுத்த நொடியே அவர் கோலாலம்பூர்க்காரர் ஆகிவிடுகிறார். கதை உண்மையிலேயே கோலாலம்பூரில் நடந்தால் தாராளமாகப் போடலாம்.